சுற்றி அனுப்பிய ரத்தம்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வீட்டில் நாங்கள் பேசுவது சௌராஷ்டிரம். கோபம் வந்துவிட்டால் மட்டும் எனக்கு மதுரைத் தமிழ்தான் வாயில் வரும். மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்தும் எனக்கு அந்தத் தமிழைப் பயன்படுத்த ஆண்டு முழுக்க வாய்ப்பு உண்டு. முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் வாய்மொழித் தேர்வுக்கு வரும்போது என் மேசையைப் பார்த்ததும் சாமி கும்பிட்டுக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

அந்தத் தேர்வில் எனக்குப் பிடித்த பாடம் ஹீம். ரத்தத்துக்குச் சிவப்பைத் தருவது அதுதான். உடம்பு அதை எட்டுப் படிகளில் தயாரிக்கிறது. முதல் படியில் ஏ.எல்.ஏ. என்ற சின்ன மூலக்கூறு உருவாகும். இரண்டு ஏ.எல்.ஏ. சேர்ந்தால் பி.பி.ஜி. நான்கு பி.பி.ஜி.யைக் கோத்து, வளைத்து, ஓரங்களைச் செதுக்கி, கடைசிப் படியில் நடுவே இரும்பை வைத்தால் ஹீம் தயார். ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி. ஏதாவது ஒரு நொதி மக்கர் செய்தால் அதற்கு முந்தைய சரக்கு தேங்கிப்போகும். பிறவியிலேயே இப்படி ஒரு நொதி குறைவாக இருப்பதைத்தான் போர்ஃபிரியா என்கிறோம். அதில் வயிற்றைப் பிசையும் வகை ஒன்று உண்டு. மூன்றாம் படி நொதி பாதிதான் வேலை செய்யும். ஏ.எல்.ஏ., பி.பி.ஜி. இரண்டும் ஏறும்.

காரீயமும் இதே பாதையில்தான் புகுந்து கெடுக்கும். இரண்டாம் படி நொதியில் துத்தநாகம் இருக்க வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். கடைசிப் படியில் இரும்பை வைக்கவும் விடாது. ஆகவே ஏ.எல்.ஏ. மட்டும் மலைபோல் ஏறும், பி.பி.ஜி. ஏறாது, ரத்தசோகை வரும். வயிற்றுவலி, மலச்சிக்கல், கை தொங்கிப்போவது எல்லாம் இரண்டு நோய்க்கும் பொது. பிரித்துச் சொல்லு பார்ப்போம் என்று ஒவ்வொரு வருடமும் கேட்பேன். முழிக்கிற பிள்ளையைப் பார்த்து, "ஏண்டா, இதுகூடத் தெரியாம ஸ்டெதாஸ்கோப்ப மட்டும் மாலையாப் போட்டுக்கிட்டுத் திரியுற?" என்பேன்.

பத்தொன்பது வருடம் இதை நடத்திய நான் ஒரு போர்ஃபிரியா நோயாளியைக்கூட நேரில் பார்த்ததில்லை. நாங்கள் ஆய்வக ஆட்கள். எங்களுக்கு மனிதர்கள் குழாயில்தான் வருவார்கள்.

சித்திரைத் திருவிழா முடிந்த வாரத்தில் பொது மருத்துவப் பிரிவிலிருந்து என் பழைய வகுப்புத் தோழன் போன் செய்தான். இப்போது அவன் அங்கே பெரிய டாக்டர். விளாங்குடியிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள், இருபத்தாறு வயது, ஆறு மாதமாக வயிற்றுவலி, வெளியே யாரோ குடல்வாலைக்கூட எடுத்துவிட்டார்கள், வலி போகவில்லை, இப்போது வலது மணிக்கட்டு தொங்குகிறது என்றான்.

"போர்ஃபிரியாவா இருக்குமோன்னு தோணுது. காரீயத்துக்கும் சேர்த்துப் பாத்துரு. உனக்குத்தான் இதெல்லாம் அத்துப்படியாச்சே," என்றான்.

எனக்கு உள்ளுக்குள் குஷி. இன்றைக்கு அதை எழுதக் கூசுகிறது, ஆனால் குஷிதான். சிறுநீரை வாங்கி நானே சோதனை செய்தேன். எர்லிக் கரைசலை ஊற்றினால் பி.பி.ஜி. இருந்தால் நன்றாகச் சிவக்க வேண்டும். லேசாக ஒரு ரோஸ் நிறம் வந்தது. வந்ததா, வரவேண்டும் என்று நான் பார்த்தேனா என்று இப்போது கேட்டால் சத்தியமாகத் தெரியாது. 'பாசிட்டிவ்' என்று எழுதினேன். ஏ.எல்.ஏ., பி.பி.ஜி. அளவுகளுக்காகச் சிறுநீரையும், காரீயத்துக்காக ரத்தத்தையும் சென்னையில் உள்ள பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பச் சொன்னேன்.

நான்கு நாளில் காரீய ரிப்போர்ட் வந்தது. கண்டறியும் அளவுக்குக்கூட இல்லை என்றிருந்தது. கேஸ் ஷீட்டில் 'இல்லத்தரசி' என்று எழுதியிருந்தார்கள். வீட்டில் இருக்கிற பெண்ணுக்குக் காரீயம் எங்கிருந்து வரும்? அந்தக் கதவை மூடினோம்.

அன்று மதியமே இருபது மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வார்டுக்குப் போனேன். "நல்லாப் பாத்துக்குங்க, உங்க ஆயுசுல இன்னொரு கேஸ் பாக்க மாட்டீங்க," என்று சொன்னேன். அந்தப் பெண் ஒல்லியாக, வெளிறிப்போய், வலது கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு நிமிரவில்லை. ஈறில் கருநீலமாக ஒரு கோடு தெரிந்தது. 'பல்பொடிக் கறை' என்று பயிற்சி டாக்டர் எழுதி வைத்திருந்தார். நானும் அதைப் படித்தேன், தலையாட்டினேன். கட்டிலில் அவளுடைய மகள் இருந்தாள், மூன்று வயது. இத்தனை வெள்ளைக் கோட்டைப் பார்த்தும் பயப்படவில்லை.

"எங்கம்மாவுக்குக் கை தூங்குது. நாந்தான் சோறு ஊட்டுறேன். நீங்க ஊசி போட்டா அழுவாங்க, போடாதீங்க," என்று முழு முழு வாக்கியமாகப் பேசினாள். மாணவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இது பரம்பரை நோய் என்று அந்தத் தாயிடம் விளக்கியது நான்தான். வார்டு டாக்டர்களுக்கு நேரமில்லை, எனக்கோ ஆசை. "இது ரத்தத்துல கூடவே பொறந்ததும்மா. உங்கிட்டயிருந்து பிள்ளைக்கும் வந்திருக்கலாம். பாதிக்குப் பாதி வாய்ப்பு," என்றேன். வயதுக்கு வரும் முன்னால் அது பெரும்பாலும் தலைகாட்டாது என்பதையும் சொன்னேனா? சொன்னதாக ஞாபகமில்லை. அவள் மகளை இடது கையால் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். என் கைப்படவே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எந்தெந்த மாத்திரை ஆகாது, பட்டினி கிடக்கக் கூடாது, வலி வந்தால் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வேண்டும், எந்த டாக்டரிடம் போனாலும் இந்தத் தாளை முதலில் காட்ட வேண்டும்.

வார்டில் போர்ஃபிரியாவுக்குத் தருவதுபோல் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பத்து நாளில் வலி குறைந்தது. பார்த்தாயா, போர்ஃபிரியாவேதான் என்று நானும் தோழனும் பேசிக்கொண்டோம். அந்தப் பத்து நாளும் அவள் வீட்டில் இல்லை என்பது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை.

அவள் வீட்டுக்குப் போன பிறகு சிறுநீர் ரிப்போர்ட் வந்தது. ஏ.எல்.ஏ. மிக மிக அதிகம். பி.பி.ஜி. சாதாரண அளவு. நான் வருடா வருடம் கேட்கிற கேள்வி அப்படியே அச்சடித்து வந்திருந்தது! முதலாமாண்டுப் பிள்ளை சொல்லிவிடும். நான் என்ன செய்தேன் தெரியுமா? பி.பி.ஜி. வெளிச்சம் பட்டால் சிதைந்துபோகும் என்று எனக்குத் தெரியும். குழாயைக் கருப்புத் தாளில் சுற்றாமல் அனுப்பியிருப்பார்கள், வெயிலில் கெட்டிருக்கும் என்று நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டேன். அவளுக்கு ரத்தசோகை இருந்தது. அந்த வகைப் போர்ஃபிரியாவில் ரத்தசோகை வராது. இந்த ஊரில் எந்தப் பெண்ணுக்குத்தான் சோகை இல்லை என்று அதையும் தாண்டிப் போனேன். காரீயம் ஈறில் கருநீலக் கோடு போடும் என்பதுகூட நினைவுக்கு வரவில்லை. ஒன்றும் தெரியாதவளாக இருந்திருந்தால் யாரையாவது கேட்டிருப்பேன். எல்லாம் தெரியும் என்கிற திமிர். ரிப்போர்ட்டை ஃபைலில் குத்தி வைத்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து குழந்தைகள் பிரிவிலிருந்து அந்தத் துறை டாக்டரம்மா போன் செய்தார். சாந்தமானவர், அன்று குரல் சரியில்லை.

"மேடம், ஒரு பாப்பா வலிப்போட வந்துருக்கு. நினைவே இல்ல. மூளை வீங்கியிருக்கு. கையில உங்க எழுத்துல ஒரு தாள் கொண்டாந்தாங்க, அம்மாவுக்குப் போர்ஃபிரியான்னு."

"மூணு வயசுலயா? வராதே," என்றேன்.

"ஆமா, வராது. அதான் ரத்தத்த ஸ்மியர் போட்டு மைக்ராஸ்கோப்புல பாத்தேன். சிவப்பணு பூரா நீலப் புள்ளியா இருக்கு. முழங்கால் எக்ஸ்ரேல எலும்பு முனையில வெள்ளக் கோடு. இது காரீயம் மேடம். அப்பாவைக் கேட்டா பேட்டரி வேலையாம். பழைய பேட்டரியப் பிரிச்சு, தகட்ட உருக்கிக் கட்டி ஊத்துறதாம். எங்க வச்சுன்னு கேட்டேன், வீட்டுக்குப் பின்னாடிதான்னு சொல்றாரு. தகட்ட ஒடச்சு, தூளக் கூட்டி அள்ளுறது அந்தம்மாவாம். அம்மாவுக்குக் காரீயம் இல்லன்னு உங்க ரிப்போர்ட் சொல்லுது. அது எப்படி மேடம்?"

எப்படி? கீழே ஆய்வகத்துக்கு ஓடினேன். பதிவேட்டைப் புரட்டி அந்தப் பெண்ணின் வரியைத் தேடிப் பிடித்தேன். காரீயம், வெளியே அனுப்பியது, மாதிரி வகை: பிளாஸ்மா.

அடக் கடவுளே.

எங்கள் ஆய்வகத்தில் ரத்தக் குழாய் வந்தால் முதல் வேலை அதைச் சுற்றுவது. எந்திரத்தில் வைத்துச் சுற்றினால் சிவப்பணுக்கள் அடியில் படிந்துவிடும். மேலே மஞ்சளாக நிற்கும் தெளிவை எடுத்துத்தான் சர்க்கரை, உப்பு, கொழுப்பு எல்லாம் பார்ப்போம். தினமும் நூற்றுக்கணக்கில் சுற்றிச் சுற்றிக் கைக்கு அதுவே பழக்கம். ஆனால் ரத்தத்துக்குள் போன காரீயம் ஏறக்குறைய முழுவதும் சிவப்பணுவுக்குள்தான் இருக்கும். அதற்கு முழு ரத்தத்தை, சுற்றாமல், அப்படியே அனுப்ப வேண்டும். எங்கள் ஆட்கள் சுற்றி, விஷம் இருந்த சிவப்பைக் கழிவு வாளியில் கொட்டிவிட்டு, மஞ்சள் தண்ணீரைச் சென்னைக்கு அனுப்பியிருக்கிறார்கள். சென்னைக்காரர்கள் தங்களுக்கு வந்ததைச் சோதித்து, இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். அதில் ஒன்றும் பொய்யில்லை.

எங்கள் சீனியர் டெக்னீசியன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அன்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"என்னண்ணே பண்ணி வச்சிருக்கீங்க? அறிவு வேணாம்? காரீயத்துக்கு அனுப்புற ரத்தத்த யாராவது சுத்துவாங்களா? இம்புட்டு வருஷம் என்னத்த வேல பாத்தீங்க?"

அவர் எதிர்த்துப் பேசவில்லை. "எப்பவும் சுத்தித்தானே மேடம் அனுப்புவோம். காரீயம் நமக்கு இதுதான் மொதத் தடவ. ஃபாரத்தக்கூட உங்ககிட்டக் காட்டித்தான் அனுப்புனேன்," என்றார். அலமாரியிலிருந்து நகலை எடுத்து மேசையில் வைத்தார். மாதிரி வகை என்ற இடத்தில் அவருடைய அழகான கையெழுத்தில் 'பிளாஸ்மா'. அதற்கு இரண்டு விரல் கீழே பச்சை மையில் என் கையெழுத்து.

படிக்காமல் போட்டிருக்கிறேன். அன்றைக்கு நாற்பது ஃபாரம் இருந்திருக்கும். அவரைப் பார்த்து, "மன்னிச்சிருங்கண்ணே. தப்பு எம்மேலதான்," என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன்.

மிச்சக் கதையைக் குழந்தைகள் பிரிவு டாக்டரம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தாய் வீடு திரும்பிய கொஞ்ச நாளிலேயே பாப்பா வயிறு வலிக்கிறது என்றிருக்கிறாள். சாப்பாடு இறங்கவில்லை, வாந்தி. அம்மாவுடைய நோய்தான் வந்துவிட்டது, அதுதான் தாள் எழுதிக் கொடுத்த டாக்டரம்மா சொன்னார்களே என்று நினைத்திருக்கிறார்கள். தாளில் எழுதியிருந்தபடி குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள், மூன்று வாரம். நடுவில் பக்கத்துக் கிளினிக்குக்கும் தூக்கிப் போயிருக்கிறார்கள். அந்த டாக்டர் என் தாளைப் படித்துவிட்டு, "பெரிய எடத்துல பாத்துருக்காங்க, நான் இதுல கைவைக்க மாட்டேன்," என்று அனுப்பிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. முதலில் காட்டு என்று எழுதியதே நான்தான்.

பாப்பாவின் ரத்தத்தைச் சுற்றாமல் நானே ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பினேன். காரீய அளவு வந்தபோது டாக்டரம்மா அதை வாய்விட்டுப் படிக்கவில்லை, தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். தாயின் ரத்தமும் அனுப்பினோம், அதுவும் அதிகம். தகப்பனுக்கும் அதிகம். வயிற்றுப் பிடிப்பு அவருக்கும் இருந்திருக்கிறது, டீ அதிகமாகக் குடிப்பதால் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பெரியவர்கள் உடம்பு கொஞ்சம் தாங்கும். சின்னப் பிள்ளை வாயில் போட்டதில் பாதியைக் குடல் உள்ளே இழுத்துக்கொள்ளும், அது நேரே மூளைக்குப் போகும். காரீயத்தைப் பிடித்துச் சிறுநீரில் இறக்கும் ஊசி மருந்து மதுரையில் கிடைக்கவில்லை. சென்னையிலிருந்து வரவழைப்பதற்குள் இரண்டு நாள் போய்விட்டது.

ஒரு நாள் அந்த வீட்டைப் பார்க்கப் போனேன். திண்டுக்கல் ரோட்டிலிருந்து உள்ளே போகிற தெரு, முன்னால் சின்னக் கடை. பின்பக்கம் அடுப்பும் இரும்புச் சட்டியும். சிமெண்ட் தரை முழுக்கச் சாம்பல் நிறத்தில் மெல்லிய தூள். அதே தரையில் ஒரு பிளாஸ்டிக் சொப்புச் சாமான் கூடை. தகப்பன் என் பின்னாலேயே நின்றார். "நானும் வேல முடிஞ்சா கைய சோப்புப் போட்டுத்தான் டாக்டரம்மா கழுவுவேன்," என்றார். அப்புறம், "இத அன்னைக்கே யாரும் கேக்கலையே," என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

பாப்பா பிழைத்துக்கொண்டாள். நாலாவது நாள் கண் திறந்தாள். இரண்டாவது வாரம் உட்கார்ந்தாள். ஆனால் பேச்சு வரவில்லை. தட்டைக் காட்டினால் 'ம்' என்பாள், அம்மாவைப் பார்த்தால் சேலையைப் பிடித்துக்கொள்வாள், அவ்வளவுதான். வருமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "கொஞ்சம் வரலாம். பழையபடி ஆகும்னு என்னால சொல்ல முடியாது மேடம்," என்றார்.

தாயிடம் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். தோழன் பதறினான். "உனக்கென்ன பைத்தியமா? காரீயம்னு இப்பக் கண்டுபுடிச்சாச்சு, வைத்தியம் நடக்குது. ரத்தத்தச் சுத்துனோம் அது இதுன்னு எதுக்குப் போய்ச் சொல்ற? நாளைக்கு வக்கீலக் கூட்டிட்டு வந்து நிப்பாங்க," என்றான். "வந்தா வரட்டும்டா," என்றேன். தைரியம் ஒன்றும் இல்லை, ஆனாலும் வார்டுக்குப் போனேன்.

அவள் பாப்பாவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். மருந்து தொடங்கியதில் வலது மணிக்கட்டு கொஞ்சம் நிமிர ஆரம்பித்திருந்தது, சீப்பு மட்டும் இடது கையில். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். எப்படியோ சொல்லி முடித்தேன். உன் ரத்தத்தைத் தப்பாக அனுப்பிவிட்டோம், காரீயம் இல்லை என்று தப்பாக ரிப்போர்ட் வந்தது, நான் அதை நம்பினேன், பிறகு வந்த தாளில் உண்மை இருந்தது, அதையும் சரியாகப் பார்க்கவில்லை, பரம்பரை நோய் என்று சொன்னது தப்பு.

அவள் சீப்பை நிறுத்தினாள்.

"அப்ப, இது எங்கிட்டயிருந்து இவளுக்கு வரலையா டாக்டரம்மா?"

"இல்லம்மா. அந்தத் தூள்லயிருந்து வந்துச்சு."

"எம்புட்டு நாளா நெனச்சு நெனச்சு அழுதேன் தெரியுமா? பெத்தவளே வெசத்தக் குடுத்துட்டேனேன்னு. மாமியாகூட, உங்க வம்சத்து நோயின்னு சொல்லிருச்சு." முகத்தைச் சேலையால் துடைத்தாள். ஒரு நொடி அவள் முகத்தில் வந்தது நிம்மதிதான். அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஏனென்றால் அடுத்தது அவளுக்கு உறைக்கப் போகிறது என்று எனக்குத் தெரியும்.

உறைத்தது. அவள் பாப்பாவைப் பார்த்தாள், வெகுநேரம். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எங்கம்மா வீடு கொட்டாம்பட்டி பக்கந்தான் டாக்டரம்மா. ஒரு பஸ்ஸு. வீட்டுத் தூளுதான்னு அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இவளத் தூக்கிக்கிட்டு அங்க போயிருப்பேனே. அப்ப நல்லாப் பேசிக்கிட்டுதான இருந்தா?"